புல் ரிக்குவெஸ்டை மறுத்து எழுதும் மின்னஞ்சல்: காரணம் எது, வழிகாட்டி எதற்கு?

"அக்கா, தமிழ் எழுத்துகளைச் சீராக்கும் ஒரு சின்னப் பைத்தான் நூலகத்தை நானும் இரண்டு நண்பர்களும் திருகோணமலையில் இருந்து பராமரிக்கிறோம். இங்கத்தைய கம்பஸ் பொடியன் ஒருவர் புல் ரிக்குவெஸ்ட் அனுப்பியிருக்கிறார். 31 கோப்பு மாறியிருக்கிறது, டெஸ்ட் இல்லை, 'கெளரவம்' மாதிரிச் சொற்களில் ளகரத்தை ஔகாரமாக மாற்றுகிற வேலை. எங்களால் எடுக்க ஏலாது. CONTRIBUTING.md என்ற பங்களிப்பு வழிகாட்டியைப் பார்க்கச் சொல்லி மரியாதையாக மெயில் போட வேணும். மனம் நோகாமல் எப்படி எழுதுவது? ஊரில் அடிக்கடி காண்கிற முகம்."

தம்பி, நீங்கள் அனுப்பிய இணைப்பைத் திறந்து அந்த மாற்றத்தை என் கணினியில் இறக்கி ஓட்டிப் பார்த்தேன். மெயில் எப்படி இருக்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அதனால் முதலில் கண்டதைச் சொல்கிறேன், பிறகு மெயிலுக்கு வருகிறேன்.

நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் எது உண்மையான காரணம்? 31 கோப்பும் டெஸ்ட் இல்லாததும் திருத்தக்கூடியவை. அவர் அவற்றைத் திருத்திக்கொண்டு வந்தால் சேர்ப்பீர்களா? "அப்போதும் மாட்டோம்" என்பது உங்கள் பதிலென்றால் அவை காரணங்களே இல்லை. வழிகாட்டியைக் காட்டி மறுக்கிற மெயில்கள் இந்த இடத்தில்தான் பிழையாகிவிடுகின்றன. சில வருடங்களுக்கு முன் நான் பராமரித்த ஒரு திட்டத்தில் இப்படித்தான் செய்தேன். "வழிகாட்டியைப் பார்த்து மறுபடி அனுப்புங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அவர் ஒரு வாரம் இருந்து எல்லாவற்றையும் ஒழுங்காக்கி அனுப்பினார். அப்போதுதான், அந்த வசதியே எங்களுக்கு வேண்டாம் என்று சொன்னேன். அவர் பிறகு வரவே இல்லை. முதல் மெயிலிலேயே சொல்லியிருந்தால் அந்த ஒரு வாரம் அவருக்கு மிஞ்சியிருக்கும். இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான்.

சரி, உங்கள் விடயத்துக்கு வருவோம். நான் ஓட்டியது இதுதான்:

```
git fetch origin pull/18/head:pr-18
git diff --stat main...pr-18
git diff -w main...pr-18
```

இரண்டாவது வரி 31 கோப்பு என்கிறது. மூன்றாவது வரியில் உள்ள `-w` வெற்றிட வேறுபாடுகளை ஒதுக்கிவிட்டுக் காட்டும். அப்படிப் பார்த்தால் ஒரே ஒரு கோப்பில் 9 வரிதான் மிஞ்சுகிறது. மற்ற 30 கோப்பிலும் அவர் எதையும் தொடவில்லை. அவருடைய எடிட்டர் விண்டோஸ் முறைப்படி ஒவ்வொரு வரி முடிவிலும் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேமித்திருக்கிறது, அவ்வளவுதான். இதை அவருடைய கவனக்குறைவு என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் ரிப்போவில் `.gitattributes` கோப்பே இல்லை. அதில் `* text=auto` என்ற ஒரு வரி இருந்திருந்தால் கொமிட் செய்யும்போது கிட் தானாகவே வரி முடிவுகளைச் சரிசெய்திருக்கும். விண்டோஸில் வேலை செய்கிற அடுத்த ஆளுக்கும் இதே கதைதான் நடக்கும். ஆகவே இன்றைக்கே அதைப் போட்டுவிடுங்கள்.

இனி அந்த 9 வரி. அதன் சாரம் இது:

```python
def fix_au(text):
    return re.sub("\u0BC6\u0BB3", "\u0BCC", text)
```

ஒற்றைக் கொம்பையும் அதற்கு அடுத்த ளகரத்தையும் சேர்த்து ஔகாரக் குறியாக்குகிறது. அவர் பிடித்த பிரச்சினை உண்மையானது. 'கௌரவம்' என்று திரையில் தெரிவதற்குள் இரண்டு விதமான சேமிப்பு இருக்கலாம். ஒன்றில் ஔகாரக் குறி இருக்கும். மற்றதில் கொம்பும் ளகரமும் தனித்தனியாக இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் ஒன்று அகப்படாது. அவர் கொடுத்த உதாரணச் சொற்கள் எல்லாமே சரியாக மாறுகின்றன.

ஆனால் நம் கடற்கரையில் விற்கிற 'கெளுத்தி'யைக் கொடுத்துப் பாருங்கள். அந்தச் சொல்லிலும் கொம்புக்கு அடுத்து ளகரம் வருகிறது, அது உண்மையான ளகரம். மாற்றியபின் ஔகாரக் குறிக்கு மேல் உகரக் குறி ஏறிச் சொல்லே உடைந்து, திரையில் ஒரு புள்ளி வட்டம் தெரிகிறது. 'வெளி', 'தெளிவு', 'வெள்ளி', 'மெள்ள' எல்லாவற்றுக்கும் இதே கதிதான். தமிழில் எந்தப் பக்கத்தை எடுத்தாலும் இப்படி நாலு சொல் இருக்கும்.

அவர் கெட்டிக்கார ஆள் என்றால் உடனே ஒரு திருத்தம் சொல்வார்: ளகரத்துக்குப் பின் வேறு உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாவிட்டால் மட்டும் மாற்றலாம் என்பார். அதையும் போட்டுப் பார்த்தேன். 'வெளி'யும் 'கெளுத்தி'யும் தப்பிவிடுகின்றன. ஆனால் 'மெள மெள நடந்தாள்' என்ற வரி 'மௌ மௌ நடந்தாள்' ஆகிறது. இது முந்தையதைவிட மோசம். புள்ளி வட்டம் தெரிந்தால் யாராவது கவனிப்பார்கள், இங்கே பிழை சத்தமில்லாமல் உள்ளே போகிறது. 'மெளனம்' மாற வேண்டும், 'மெள' மாறக் கூடாது. இரண்டையும் பிரித்தறிய அகராதி வேண்டும், எழுத்து வரிசையை மட்டும் பார்த்து முடியாது.

உங்கள் நூலகம் இதுவரை செய்து வந்தது வேறு வேலை. கொம்பும் காலும் தனித்தனியாகச் சேமிக்கப்பட்ட ஒகரத்தை ஒரே குறியாக்குகிறது. அதை யூனிக்கோடே 'இரண்டும் சமம்' என்று அறுதியிட்டிருக்கிறது, பைத்தானின் `unicodedata.normalize("NFC", text)` அதைத்தான் செய்கிறது. ஔகாரத்துக்கும் அப்படி ஒரு சமன் உண்டு. ஆனால் அதன் பின்பாதி `U+0BD7` என்ற தனிக் குறி, ளகரம் போலவே தோன்றும், ளகரம் அல்ல. உண்மையான ளகரம் `U+0BB3`. அதை ஔகாரத்தின் பின்பாதியாக யூனிக்கோடு எங்கும் ஏற்கவில்லை. அவருடைய மாற்றம் எழுத்துக்கூட்டலை ஊகித்துத் திருத்துகிறது. உங்கள் நூலகம் எழுத்துக்கூட்டலில் கை வைப்பதில்லை. மறுப்புக்குக் காரணம் இது ஒன்றுதான்.

இப்போது வழிகாட்டிக்கு வாருங்கள். மெயிலில் அதைச் சுட்டுமுன், அதில் என்ன இருக்கிறது, எப்போதிருந்து இருக்கிறது என்று பார்க்க வேண்டும்:

```
git log -p -- CONTRIBUTING.md
```

பார்த்தேன். டெஸ்ட் எழுத வேண்டும் என்ற விதி தொடக்கத்தில் இருந்தே இருக்கிறது. பெரிய மாற்றமென்றால் முதலில் இஷ்யூ திறக்க வேண்டும் என்பதும் இருக்கிறது, ஆனால் 9 வரி பெரிய மாற்றமா என்று கேட்டால் உங்களிடம் பதில் இல்லை. எழுத்துக்கூட்டலைத் திருத்த மாட்டோம் என்ற வரி எங்குமே இல்லை. அது உங்கள் மூன்று பேரின் மனதில் மட்டும் இருக்கிறது. அதாவது நீங்கள் மறுக்கிற காரணம் வழிகாட்டியில் இல்லை. இந்த நிலையில் "வழிகாட்டியைப் பாருங்கள்" என்றால் அவர் போய்த் தேடுவார், டெஸ்ட் விதியைக் காண்பார், டெஸ்ட் எழுதிக்கொண்டு திரும்பி வருவார். இல்லாத விதியை இருந்ததுபோலக் காட்டுவது நேர்மையும் இல்லை. கிட் வரலாறு எல்லோருக்கும் திறந்துதான் கிடக்கிறது.

இதையெல்லாம் வைத்து நான் எழுதினால் மெயில் இப்படி இருக்கும்:

> தலைப்பு: புல் ரிக்குவெஸ்ட் 18: சேர்க்காத காரணம்
>
> வணக்கம் தம்பி,
>
> 'கெளரவம்', 'மெளனம்' என்று ளகரத்தோடு சேமிக்கப்பட்ட சொற்களைத் திருத்த நீங்கள் அனுப்பிய மாற்றத்தை ஓட்டிப் பார்த்தோம். இதை நூலகத்தில் சேர்க்கப் போவதில்லை.
>
> 'வெளி', 'கெளுத்தி' போன்ற சொற்களில் உள்ள உண்மையான ளகரத்தையும் இது ஔகாரமாக்கிவிடுகிறது. பின்னால் உயிர்க்குறி இல்லாத இடத்தில் மட்டும் மாற்றினாலும் 'மெள மெள' என்பது 'மௌ மௌ' ஆகிறது. அகராதி இல்லாமல் இதைப் பிரிக்க முடியவில்லை. இந்த நூலகம் யூனிக்கோடு சமம் என்று சொல்கிற வடிவங்களை மட்டுமே ஒன்றாக்குகிறது, எழுத்துக்கூட்டலைத் திருத்துவதில்லை.
>
> இந்த எல்லையைப் பங்களிப்பு வழிகாட்டியில் நாங்கள் எழுதி வைக்கவில்லை. நீங்கள் வேலை தொடங்கியபோது அது அங்கே இருக்கவில்லை, அது எங்கள் பிழை. இன்று 'எதைச் சேர்ப்போம், எதைச் சேர்க்க மாட்டோம்' என்ற பகுதியாகச் சேர்த்திருக்கிறோம். இணைப்பு கீழே.
>
> அடுத்த முறைக்காக ஒன்று: ஒவ்வொரு மாற்றத்தோடும் டெஸ்ட் வர வேண்டும் என்பது வழிகாட்டியின் 'டெஸ்டுகள்' பகுதியில் இருக்கிறது. மாற வேண்டிய சொல்லையும் மாறக் கூடாத சொல்லையும் சேர்த்து எழுதினால் இப்படியான சிக்கல் அனுப்புமுன்னே தெரிந்துவிடும். 31 கோப்பு மாறியதாகக் காட்டியது வரி முடிவு வேறுபாட்டால். அதை எங்கள் பக்கத்தில் சரிசெய்துவிட்டோம், நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை. இவற்றைத் திருத்தி இதே மாற்றத்தைத் திரும்ப அனுப்ப வேண்டாம்.
>
> நீங்கள் தொகுத்த பிழைச் சொற்பட்டியல் எங்களுக்குப் பயன்படும். உரையை மாற்றாமல், சந்தேகமான இடங்களை மட்டும் எண்ணிட்டுக் காட்டுகிற ஒரு செயல்கூறு இருந்தால் சேர்ப்போம். செய்ய விரும்பினால் முதலில் ஓர் இஷ்யூ திறந்து எழுதுங்கள், பேசிவிட்டுத் தொடங்கலாம். விருப்பம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.
>
> இந்த ரிக்குவெஸ்டை இன்று மூடுகிறேன். நேரம் எடுத்துச் செய்ததற்கு நன்றி.

இதில் சில இடங்களில் நான் ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்கிறேன், உங்கள் சொல்லில் மாற்றும்போது உதவும்.

முடிவு இரண்டாவது வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. நன்றியும் பாராட்டும் இரண்டு பத்தி போய் அதன் பிறகு 'ஆனால்' வந்தால், படிக்கிறவர் அந்த 'ஆனால்' எங்கே என்று தேடிக்கொண்டே படிப்பார். 'சேர்க்க முடியாது' என்று எழுதாமல் 'சேர்க்கப் போவதில்லை' என்று எழுதியதிலும் அர்த்தம் இருக்கிறது. 'முடியாது' என்றால் ஏதோ தடை இருக்கிறது, அதை நீக்கினால் முடியும் என்று படும். 'போவதில்லை' என்பது எடுத்து முடித்த முடிவு.

'பிறகு பார்ப்போம்', 'இப்போதைக்கு' இரண்டையும் தவிர்த்தேன். நேரில் கதைக்கும்போது ஒருவர் 'பார்ப்போம்' என்று இழுத்தால் அது இல்லை என்பதுதான் என்று நம் ஊரில் எல்லோருக்கும் விளங்கும். குரல் சொல்லிவிடும். மெயிலில் குரல் இல்லை. அவர் அதை நம்பி மாதக்கணக்கில் அந்தக் கிளையைப் புதுப்பித்துக்கொண்டிருப்பார்.

'வழிகாட்டியை வாசிக்கவும்', 'விதிகளைப் பின்பற்றவும்' என்ற வடிவமும் வேண்டாம். அந்த 'வும்' கச்சேரி அறிவித்தல் பலகையின் குரல். 'நீங்கள் வழிகாட்டியை வாசிக்கவில்லை' என்பதும் வேண்டாம், அவர் வாசித்தாரா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியாது. 'இந்தப் பகுதியில் இப்படி இருக்கிறது' என்றால் போதும். முழுக் கோப்புக்கும் இணைப்புக் கொடுக்காமல் அந்தப் பகுதித் தலைப்புக்கே கொடுங்கள். கிட்ஹப்பில் தலைப்பின் மேல் சுட்டியை வைத்தால் சங்கிலிக் குறி தெரியும், அதை அழுத்தினால் அந்த இடத்துக்கான முகவரி கிடைக்கும். பக்கத்தைத் திறந்துவிட்டு `y` விசையை அழுத்தினால் முகவரி அன்றைய கொமிட்டோடு நிலைத்துவிடும். நாளைக்கு வழிகாட்டியை மாற்றினாலும் நீங்கள் சுட்டிய வாசகம் அவருக்கு அப்படியே தெரியும். விதியைச் சுட்டுகிற மெயிலுக்கு இது அவசியம் என்று நினைக்கிறேன்.

கடைசியில் உள்ள மாற்று யோசனையை, அப்படி ஒன்று வந்தால் உண்மையாகவே சேர்ப்பீர்களா என்று மூன்று பேரும் பேசிய பிறகுதான் எழுத வேண்டும். மனத்தாங்கலைக் குறைக்க மட்டும் எழுதுவதென்றால் அந்தப் பத்தியை அப்படியே வெட்டிவிடுங்கள். இரண்டாவது முறை மறுப்பதைவிட இப்போது வெறுங்கையோடு அனுப்புவது நல்லது.

இதை எங்கிருந்து அனுப்புவது என்பதிலும் ஒரு கவனம் தேவை. ரிக்குவெஸ்ட் பற்றி கிட்ஹப் உங்களுக்கு அனுப்பிய அறிவிப்பு மெயிலுக்கே பதில் எழுதினால், அது அவருக்குத் தனியாகப் போகாது. அந்த ரிக்குவெஸ்டின் கீழ் எல்லோரும் பார்க்கிற கருத்தாகப் பதிவாகும். உங்கள் மெயிலின் அடியில் தொலைபேசி எண்ணோடு கையொப்பம் இருந்தால் அதுவும் சேர்ந்து வெளியே போய்விடக்கூடும். அவரைத் தெரியும் என்பதால் விரிவான மெயிலைத் தனியாக, புதிதாக எழுதுங்கள். பொது இடத்தில், 'எழுத்துக்கூட்டலைத் திருத்துவது நூலகத்தின் எல்லைக்கு வெளியே, "வெளி", "மெள" இரண்டும் உடைகின்றன' என்று இரண்டு வரியும் வழிகாட்டிப் பகுதியின் இணைப்பும் போட்டு மூடுங்கள். அடுத்த வருடம் இதே யோசனையோடு வேறொருவர் தேடி வருவார், அவருக்கு அது போதும். மெயிலை முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு மூடுங்கள். மூடிய அறிவிப்பை முதலில் கண்டால் அதுதான் அவர் மனதில் நிற்கும்.

மூடிய பிறகு அவர் அதே கிளையில் கொமிட்டுகளை மாற்றி எழுதி `git push --force` செய்தால், அந்த ரிக்குவெஸ்டைத் திரும்பத் திறக்கும் பொத்தான் வேலை செய்யாது. பலர் அதைப் பராமரிப்பவர்கள் பூட்டிவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். சொற்பட்டியலோடு புதிதாக வருவதென்றால் `main` இலிருந்து புதுக் கிளை எடுத்துப் புது ரிக்குவெஸ்ட் திறக்கச் சொல்லுங்கள். இதை முதல் மெயிலில் போடத் தேவையில்லை, அவர் ஆர்வம் காட்டினால் சொன்னால் போதும்.

அவர் மறுத்துப் பதில் எழுதினால் ஒரு தடவை முழுமையாகப் பதில் சொல்லுங்கள். அகராதி சேர்த்துச் செய்யலாமே என்று கேட்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நல்ல கேள்வி. அகராதி வந்தால் அதைப் பராமரிக்க ஆள் வேண்டும், பெயர்ச்சொற்கள் அதில் இருக்காது, நூலகத்தின் அளவும் பல மடங்கு கூடும், மூன்று பேரால் அது தாங்காது என்று சொல்லுங்கள். அதைத் தனித் திட்டமாக அவரே தொடங்கினால் உங்கள் README கோப்பில் இணைப்புக் கொடுப்பீர்களா என்றும் யோசித்து வையுங்கள். நான் என்றால் கொடுப்பேன்.

பிறகு, டச்சுக்குடாப் பக்கமோ உவர்மலை ஏற்றத்திலோ அவரைக் கண்டால் மெயிலில் சொன்னதையே சொல்லுங்கள். "எனக்கு விருப்பம்தான், மற்ற இருவரும்தான் வேண்டாம் என்றார்கள்" என்று நேரில் இளகிவிடாதீர்கள். அவர் அடுத்து அந்த இருவரில் ஒருவரிடம் போய்க் கேட்பார், உங்கள் மூன்று பேருக்கும் இடையில்தான் சிக்கல் வரும்.

வேலையின் ஒழுங்கு இது: முதலில் `.gitattributes`, அடுத்து வழிகாட்டியில் அந்தப் புதுப் பகுதி, இரண்டையும் `main` இல் சேர்த்துவிட்டு இணைப்பை எடுங்கள், பிறகு மெயில். 'இன்று சேர்த்திருக்கிறோம்' என்று மெயிலில் இருக்கிறது, அது கிடைத்தவுடன் அவர் அந்த இணைப்பைத்தான் முதலில் அழுத்துவார். புதுப் பகுதிக்கான வாசகம் எழுதியதும் எனக்கு ஒருக்கால் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.